வெயிலுக்குக் கெட்டி ஆயில் ஊற்றினேன்

வேலூரில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்தாலே ஆயில் மாற்ற வருகிறவர்களிடம் நான் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "வெயில் ஏறுது, இந்த வாட்டி 20W-50 போட்டுடலாம்." எந்த வண்டி, அதைச் செய்தவர்கள் எந்த ஆயில் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் பார்த்ததில்லை. அவர்களும் கேட்டதில்லை. மெக்கானிக் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த நம்பிக்கையை நான் பல ஆண்டுகள் தப்பாகப் பயன்படுத்தினேன். தப்பு என்று தெரிந்த பிறகும் சில காலம் வாய் திறக்காமல் இருந்தேன். இரண்டாவதுதான் பெரிய குற்றம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

டப்பாவில் போட்டிருக்கும் எண்களை நான் டிகிரி என்று படித்தேன். 20W-50 என்றால் 20 டிகிரியிலிருந்து 50 டிகிரி வரை தாங்கும் ஆயில். 10W-30 என்றால் 10-லிருந்து 30 வரை. வேலூரில் மே மாதம் 40-ஐத் தாண்டுகிறது. அப்படியானால் 30 போட்ட ஆயில் இங்கே எப்படித் தாங்கும்? குளிர் நாட்டுக்காரன் எழுதிய கணக்கு நம் ஊருக்கு ஒத்துவராது என்று அடித்துப் பேசுவேன். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் இப்படித்தான் படித்தார். இன்றும் என் தெருவிலேயே இப்படிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு என்னிடம் வேலை பழக வந்த பையன்தான் இதை உடைத்தான். பக்கத்து கார் ஷெட்டில் புது பெட்ரோல் கார் ஒன்றுக்கு 0W-20 ஊற்றுவதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: "அண்ணா, 20-ன்னா 20 டிகிரின்னு சொன்னீங்களே. அப்போ அந்தக் காரு நம்ம ஊர்ல ஒரு நாள் கூட ஓடக் கூடாதே?" என்னிடம் பதில் இல்லை. வேலூரில் மார்கழி விடியற்காலையில்கூட 20-க்குக் கீழே இறங்குவது கொஞ்ச நேரம்தான். என் கணக்குப்படி அந்தக் கார் வருஷம் முழுக்க ஆபத்தில் ஓட வேண்டும். அது மே மாத வெயிலில் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்வந்துகொண்டிருந்தது.

அன்றைக்குப் பிறகுதான் வண்டியோடு வரும் கையேட்டை முதல்முறையாக உட்கார்ந்து படித்தேன். ஆயில் கம்பெனிகள் ஒவ்வொரு ஆயிலுக்கும் வெளியிடும் டேட்டா ஷீட்டைத் தேடிப் பார்த்தேன். அதிலிருந்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த எண்கள் எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்த தரவரிசை. இரண்டு எண்ணும் வெப்பநிலை இல்லை. ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் வகுப்புப் பெயர்கள். W என்ற எழுத்தை ஒட்டிய முதல் எண் குளிருக்கானது. இன்ஜின் சில்லிட்டுக் கிடக்கும்போது ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கிறது, ஸ்டார்ட் பண்ண முடியுமா, பம்ப் அதை இழுக்குமா என்று உறைநிலைக்கு வெகு கீழே வைத்துச் சோதிக்கிறார்கள். 10W வகைக்கு ஸ்டார்ட் சோதனை மைனஸ் 25 டிகிரியில். 20W வகைக்கு மைனஸ் 15-லேயே அந்தச் சோதனை முடிந்துவிடும். முதல் எண் சிறியதாக இருந்தால் அதிகக் குளிரிலும் ஓடும் என்று பொருள். நம் ஊரில் அந்தக் குளிர் வராது என்பதால் 10W-க்கும் 20W-க்கும் ஸ்டார்ட் ஆவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால் முதல் எண்ணை வைத்து வெயிலைப் பற்றி எந்த முடிவும் எடுக்க முடியாது.

வெயிலுக்குப் பார்க்க வேண்டியது இரண்டாவது எண். அது ஆயிலை 100 டிகிரியில் வைத்து அளந்தது. ஓடிச் சூடேறிய இன்ஜினுக்குள் ஆயில் ஏறக்குறைய அந்தச் சூட்டில் இருப்பதால்தான் அந்த இடத்தில் அளக்கிறார்கள். அளவுக்குப் பெயர் சென்டிஸ்டோக். 30 என்று போட்டால் 100 டிகிரியில் அந்த ஆயில் 9.3-லிருந்து 12.5-க்குள் இருக்க வேண்டும். 40 என்றால் 12.5-லிருந்து 16.3-க்குள். 50 என்றால் 16.3-லிருந்து 21.9-க்குள். எண் ஏற ஏற, சூட்டில் கெட்டி அதிகம். 30 போட்ட ஆயில் 30 டிகிரியோடு நின்றுவிடும் என்ற என் பேச்சுக்கு இதில் இடமே இல்லை. அதே ஆயிலை 150 டிகிரியிலும் வேகமாகத் தேய்த்து அளக்கிறார்கள். அங்கேயும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஓர் எல்லை உண்டு. வெளியே 42 டிகிரி என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை.

இன்னொன்றையும் நான் கவனிக்காமலே இருந்தேன். 30-க்குப் பதிலாக 50 ஊற்றும்போது ஒரு படி ஏறவில்லை, இரண்டு படி ஏறுகிறோம். சராசரியான 10W-30 ஒன்று 100 டிகிரியில் பத்தரை சென்டிஸ்டோக் இருக்கும். 20W-50 பதினெட்டு இருக்கும். காலையில், வண்டியை எடுக்கும் 30 டிகிரி சூட்டில் இந்த வித்தியாசம் இன்னும் விரிகிறது. முதல் ஆயில் சுமார் 110, இரண்டாவது 280-ஐத் தாண்டிவிடும். ஆயில் பம்ப் அதை அடியிலிருந்து இழுத்து, குண்டூசிப் பருமனுள்ள துளைகள் வழியாக மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை கேம் ஷாஃப்டும் ராக்கரும் நேற்றைய ஆயிலின் ஈரத்தில்தான் உராய்ந்துகொண்டிருக்கும்.

கெட்டி ஆயில் போட்ட வண்டிகள் இதை எனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன. காலையில் முதல் கியர் போட்டால் 'டக்'கென்று இடித்துக்கொண்டு விழும். நியூட்ரல் கிடைக்காது. கிளட்சை முழுக்கப் பிடித்தாலும் வண்டி முன்னே இழுக்கும். கியர் வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் அதே ஆயிலில்தான் நனைந்து கிடக்கின்றன; ஆயில் கெட்டியாக இருந்தால் பிளேட்டுகள் ஒன்றை ஒன்று விடாமல் ஒட்டிக்கொண்டு சுற்றும். இரண்டு கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும். இந்தப் புகாரோடு வந்தவர்களுக்கு நான் கிளட்ச் கேபிளை முறுக்கிக் கொடுத்து அனுப்பினேன். நான் ஊற்றிய ஆயில்தான் காரணம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. மைலேஜ் குறைகிறது என்றவர்களுக்கு கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். அதற்கும் கூலி வாங்கினேன்.

இனி ஒரு பால்கார அண்ணாவின் வண்டி.

125 சிசி, காற்றில் குளிரும் இன்ஜின், கையேட்டில் 10W-30. இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு, தெருத் தெருவாக நின்று நின்று போகும் வண்டி. ஒரு சித்திரையில், சூடேறினால் மேலே டேப்பெட் சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தார். கேட்டவுடன் "வெயில்ல ஆயில் தண்ணியாயிடுது அண்ணா" என்றேன். டிரெயின் நட்டைக் கழற்றினேன். பழைய ஆயில் தரையில் வைத்த பழைய சட்டியில் விழுந்தது. எவ்வளவு விழுந்தது என்று பார்க்கவில்லை. 20W-50 முழு அளவு ஊற்றினேன். சத்தம் குறைந்தது. அவருக்குச் சந்தோஷம், எனக்குப் பெருமை. அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் அதே ஆயில்.

மறு கோடையில் சத்தம் திரும்பி வந்தது, முன்னைவிடப் பலமாக. இந்தத் தடவை பையன் கூட இருந்தான். கழற்றுவதற்கு முன்பு அவனாகவே டிப் ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டுப் பார்த்தான். கீழ்க்கோட்டில்கூட ஆயில் படவில்லை. வடித்ததை அளவு டப்பாவில் பிடித்தோம். 900 மில்லி இருக்க வேண்டிய இடத்தில் அரை லிட்டர்கூட வரவில்லை. ஹெட்டைத் திறந்தால் கேம் ஷாஃப்டின் மூக்கு தேய்ந்து, ராக்கரின் முகத்தில் விரல் நகத்தால் தடவினாலே தெரியும் பள்ளம். அடியில் ஆயில் வடிகட்டும் வலையில் பாதியை அழுக்கும் பழைய கேஸ்கெட் பசையும் அடைத்திருந்தன.

நடந்ததை இப்போது என்னால் வரிசையாகச் சொல்ல முடிகிறது. வண்டி ஆரம்பத்திலேயே ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் நீலப் புகை வருமாம், நான் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். ஒரு லிட்டருக்கும் குறைவாக ஆயில் பிடிக்கும் இன்ஜினில் முந்நூறு மில்லி குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. மீதி ஆயில் அதே சூட்டை அடிக்கடி சுற்றிச் சுமக்க வேண்டும். அதனால் அது அதிகம் சூடேறி இளகுகிறது. முதல் முறை சத்தம் குறைந்ததற்கு, அளவு நிரம்பியது ஒரு காரணம். கெட்டி ஆயில் தேய்ந்த இடைவெளியில் மெத்தையாக நின்றது இன்னொரு காரணம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டேன், அதனால் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் நான் முழுப் பெயரையும் 50-க்குக் கொடுத்தேன். சத்தம் அடங்கிவிட்டதால் ஆயில் மாற்றுவதைத் தவிர வேறெதற்கும் அவர் வண்டியைக் காட்டவில்லை. பாதி அடைத்த வலை வழியாகக் கெட்டி ஆயிலை இழுக்கப் பம்ப் விடியற்காலை தோறும் திணறியிருக்கும். உள்ளே தேய்மானம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சத்தம் ஒரு எச்சரிக்கை. நான் அதன் வாயைப் பொத்திவிட்டேன்.

வெயிலுக்கும் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சம்பந்தம் உண்டு, ஆனால் வண்டிக்கு வண்டி மாறும். தண்ணீரால் குளிரும் காரில் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் இருக்கின்றன. வெளியே 30 ஆனாலும் 42 ஆனாலும் அவை இன்ஜினை ஏறக்குறைய ஒரே சூட்டில் பிடித்துவைக்கின்றன. அங்கே ஆயிலின் சூடு அதிகம் மாறாது. காற்றில் குளிரும் பைக்கில் அப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது; வெளிக்காற்று பத்து டிகிரி ஏறினால் ஆயிலும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். சிக்னலில் நின்றுகொண்டோ, சுமையோடு மெதுவாகப் போய்க்கொண்டோ இருந்தால் காற்றும் கிடைக்காது, இன்னும் ஏறும்.

அப்படி ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பத்தரை சென்டிஸ்டோக் உள்ள அந்த 10W-30, 100 டிகிரியிலிருந்து 110-க்குப் போனால் எட்டரைக்கு இறங்கும். 120-ல் ஏழு. பத்து டிகிரிக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பதினான்கு சென்டிஸ்டோக் உள்ள ஒரு 20W-40 அதே 110-ல் பதினொன்றுக்கு இறங்கும். அதாவது ஆயில் பத்துப் பதினைந்து டிகிரி அதிகம் சூடேறினால், ஒரு படி மேலே உள்ள வகை அந்தக் குறையை ஈடுசெய்துவிடுகிறது. ஒரு படி போதும். 50 வகையோ 120 டிகிரியில்கூட பதினொன்றுக்கு மேல் நிற்கிறது. 30 வகை 100 டிகிரியில் இருக்கும் அளவைவிட அது கெட்டி. இரண்டு படி ஏறியதற்கு எந்தக் கோடையிலும் அவசியமே இருந்ததில்லை.

இப்போது என் பட்டறையில் இப்படிச் செய்கிறோம். முதலில் கையேட்டைத் திறக்கிறோம். பல கையேடுகளில் வெளிவெப்பநிலைக் கோட்டுக்கு மேலே பட்டைப் பட்டையாக ஆயில் வகைகளை வரைந்திருப்பார்கள். நம் ஊரின் உச்ச வெயிலைத் தொடும் பட்டைகள் எவை என்று பார்க்க வேண்டும். 10W-30-இன் பட்டையே 40-ஐத் தாண்டிப் போனால் அதோடு விஷயம் முடிந்தது. வெயிலுக்காக எதையும் மாற்ற வேண்டாம். 10W-40 அல்லது 20W-40-க்கும் அனுமதி இருந்து, வண்டி பால்கார அண்ணாவின் வண்டிபோலச் சுமையோடு ஊர்ந்து போகும் வண்டியாக இருந்தால், கோடை மாதங்களுக்கு அந்த ஒரு படி ஏறலாம். இரண்டில் எது என்று கேட்டால் 10W-40 காலையில் கொஞ்சம் இளக்கம், சூட்டில் இரண்டும் ஒரே வகுப்பு. கையேட்டில் ஒரே ஒரு வகைதான் இருக்கிறது என்றால், அதுதான். அதில் 20W-50 போட்டிருக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றுக்கு 50-தான் சரி, அதைக் குறைப்பதும் தப்பு.

கேனில் எண்ணுக்குப் பக்கத்தில் ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நனைந்த கிளட்ச் உள்ள கியர் பைக்குக்கு அது கட்டாயம். சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் மருந்து கிளட்ச் பிளேட்டை வழுக்க வைத்துவிடும், எண் ஒன்றாகவே இருந்தாலும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்.பி. வகை.

மேலே சொன்னதையெல்லாம்விடக் கோடையில் முக்கியமானது இன்னொன்று. 10W-30, 10W-40 போன்ற ஆயில்களில் சூட்டிலும் இளகாமல் பிடித்துவைக்க நீண்ட சங்கிலிபோன்ற பாலிமர் கலந்திருப்பார்கள். பைக்கில் இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் ஒரே ஆயில். கியர் பற்கள் அந்தப் பாலிமரை நறுக்கிக்கொண்டே இருக்கும். அதோடு, வண்டி புகை விட்டால் அளவும் குறைந்துகொண்டே வரும். ஆக, மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தாண்டி ஓடும் 40 ஆயிலைவிட, நேரத்தில் மாற்றி முழு அளவில் நிற்கும் 30 ஆயில் வெயிலுக்கு நல்லது. கையேடு சொல்லும் கிலோமீட்டரைத் தாண்ட விடாதீர்கள். கடும் வெயிலில் சுமை ஓட்டுகிறவர்களுக்கு அதற்கு முன்பே மாற்றச் சொல்கிறேன்.

பால்கார அண்ணாவிடம் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது. கேம் ஷாஃப்ட், ராக்கர், ரிங், வால்வு சீல், கூலி என்று முழுத் தொகையும் அவரிடம் வாங்கினேன். "வண்டி வயசாயிடுச்சு அண்ணா, சுமை வேற" என்றேன். பையன் என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. அவர் இரண்டு தவணையாகக் கொடுத்தார். பாலில் வரும் வருமானம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் வாங்கினேன். முதல் நாளே டிப் ஸ்டிக்கைப் பார்த்திருந்தால், நீலப் புகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ரிங்கும் சீலும் மாற்றியதோடு போயிருக்கும். கேமும் ராக்கரும் போனதற்கு ஆயில் அளவு, அடைத்த வலை, என் ஆயில் மூன்றும் சேர்ந்து காரணம். மூன்றையும் பார்த்திருக்க வேண்டிய ஆள் நான்.

அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நெடுநாள் பிடித்தது. சொன்னபோது சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்பவே சொல்லியிருந்தா, நான் காசு கேப்பேன்னு பயந்தியா தம்பி?" ஆமாம் என்றேன். கேமுக்கும் ராக்கருக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இப்போது அவருடைய வண்டிக்கு 10W-30 போடுகிறோம், கோடையில் கையேடு அனுமதிக்கும் 10W-40. வாரம் ஒரு நாள், சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து, டிப் ஸ்டிக்கை அவரே பார்க்கிறார்.

மற்றவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை. கிளட்ச் கேபிளுக்கும் கார்புரேட்டருக்கும் வீணாகக் காசு கொடுத்தவர்கள் யார் யார் என்று எனக்கு முழுதாக நினைவில் இல்லை. அவர்களில் யாராவது இதைப் படித்தால் பட்டறைக்கு வாருங்கள், கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கோடையில் எந்த மெக்கானிக்காவது உங்களிடம் வெயிலுக்காகக் கெட்டி ஆயில் என்று சொன்னால், முதலில் டிப் ஸ்டிக்கை உங்கள் கண் முன்னே பார்க்கச் சொல்லுங்கள். வடித்த ஆயிலை அளந்து காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு கையேட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அதில் இல்லாத எண்ணை உங்கள் வண்டியில் ஊற்ற விடாதீர்கள்.